சனிக்கிழமைக்குள் வந்துசேரும்

வெளியாள் ஒருவரை நான் கைநீட்டி அடித்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். பாண்டி பஜாருக்குப் பின்சந்தில் எங்கள் கடையின் மாடியில் அது நடந்தது. அடிபட்டவர் தினமும் சாயங்காலம் பார்சல் எடுக்க வரும் கூரியர்க்காரர். காரணம், எங்கள் இணையதளத்தில் நானே போட்டு வைத்திருந்த ஒரு தேதி.

கடை அத்தா தொடங்கியது. மாப்பிள்ளை உடுப்பு: ஷெர்வானி, கோட், தலைப்பாகை. அத்தா மௌத்தான பிறகு அண்ணன் கீழே கல்லாவில் உட்கார்ந்தார். புகுந்த வீட்டை விட்டுத் திரும்பி வந்த எனக்கு மாடியில் ஒரு மேஜை கிடைத்தது. ஒரு லேப்டாப், லேபிள் அடிக்கும் பிரிண்டர், அட்டைப்பெட்டிகள். ஆன்லைன் வியாபாரம் முழுக்க என் பொறுப்பு.

எங்கள் வீட்டில் வாய்க்கு முன்னால் கை பேசும். அத்தா துணி அளக்கும் கஜக்கோலால் அண்ணனை விளாசியதைச் சின்ன வயதில் கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் பெரியவரானதும் தையல்காரர்களைப் பிடரியில் போட்டார். என்னைக் கட்டிக்கொண்டவன் என்னைச் சுவரோடு வைத்து அடித்தான், அதனால்தான் திரும்பி வந்தேன். அடியின் வலி தெரிந்தவள் அடுத்தவரை அடிக்க மாட்டாள் என்று என்னைப் பற்றி நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

இணையதளத்தில் துணியின் படத்துக்குக் கீழே ஒரு சிறிய கட்டம் உண்டு. வாங்குகிறவர் அதில் தன் பின்கோடைத் தட்டினால், இன்ன நாளுக்குள் வந்துசேரும் என்று காட்டும். அந்த நாளைக் கணக்குப் போட அதற்கு மூன்று விவரம் நாம் கொடுத்திருக்க வேண்டும். எத்தனை மணி வரை வரும் ஆர்டர் அன்றைக்கே கிளம்பும்? அந்தப் பின்கோடுக்கு கூரியர் போகிறதா? போகிறது என்றால் எத்தனை நாள் ஆகும்? மூன்றையும் நிரப்பியவள் நான்தான். கூரியர் கம்பெனி கொடுத்த பின்கோடு பட்டியலை ஒரு வருஷத்துக்கு முன் ஏற்றிவிட்டு, அத்தோடு அதை மறந்துபோயிருந்தேன்.

முதலில் நான் சென்னைக்கு நாலு நாள் என்றும், மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வரும் ஆர்டர் மறுநாள் கணக்கு என்றும்தான் போட்டிருந்தேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் மாடிக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"எதிர்க்கடைக்காரன் ரெண்டு நாள்னு போட்டிருக்கான். ஆறு மணி வரைக்கும் ஆர்டர் எடுக்கறான். நீ நாலு நாள்னு போட்டு யாருக்கு விக்கப் போற?"

"நாலரைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடறாங்கண்ணே. ஆறு மணிக்கு வர்றது அன்னைக்கு எப்படிக் கிளம்பும்?"

"போடுன்னா போடு. அனுப்பறது என் பாடு."

கையிலிருந்த துணி வெட்டும் கத்தரியை மேஜைமேல் வீசினார். அது என் விரலுக்கு அரையடி தள்ளிப் பலகையில் குத்தி நின்றது. ஆறு மணி என்றும், சென்னை முழுக்க இரண்டு நாள் என்றும் மாற்றினேன். அது தப்பு என்று தெரிந்தே மாற்றினேன்.

அந்த வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு ஒரு ஆர்டர் விழுந்தது. கருநீல ஷெர்வானி, உடம்பளவு எழுதி, கையைக் கொஞ்சம் குட்டையாக்கித் தரச் சொல்லி. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. முகவரி, ஆற்றோரக் குடிசைகளிலிருந்து கொண்டுபோய் ஊருக்குத் தெற்கே குடிவைக்கப்பட்டவர்களின் அடுக்குமாடிப் பிளாக்குகளில் ஒன்று. பின்கோடைத் தட்டிப் பார்த்தேன். போகும் என்று இருந்தது. சனிக்கிழமைக்குள் வந்துசேரும் என்று இணையதளம் அவர்களிடம் சொல்லியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வரவேற்பு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றைய பார்சல் எல்லாம் நாலரைக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் தையல்காரர் கையைக் குட்டையாக்கினார். வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஷெர்வானி கிளம்பியது. சனிக்கிழமை காலை அந்தப் பக்கத்து கூரியர் பிராஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பார்த்ததும் எனக்கு நிம்மதி. பதினொன்று பத்துக்கு அந்த வரி மாறியது: 'வீட்டில் ஆள் இல்லை.'

மாப்பிள்ளை உடுப்பு வாங்கிய வீட்டில் ஆள் இல்லையா? உடனே பிராஞ்சுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் அண்ணன் கூப்பிட்டான்.

"இன்னாமா, டிரஸ்ஸு எங்க? காலையிலேர்ந்து முப்பது பேரு வூட்ல குந்திக்கினு கீறோம். ஆள் இல்லன்னு மெசேஜ் வருது!"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டான். இந்த முறை பிராஞ்சு வாசலிலிருந்து. ஷட்டர் சாத்தியிருந்தது. அவன் ஷட்டரை உதைக்கும் சத்தம் போனுக்குள் இடி மாதிரி கேட்டது. "உன்ன வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, என் அம்மாவையும் என்னையும் பிணைத்து ஒரு வார்த்தை சொன்னான். காது மடலெல்லாம் எரிந்தது. போனை வைத்தேன்.

சரியாக நாலரைக்குக் கூரியர்க்காரர் படியேறி வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மூன்று வருஷமாக எங்களிடம் பார்சல் எடுப்பவர். வெயிலில் வந்த முகம், தோளில் பெரிய பை.

"உங்க ஆளுங்க வீட்டுக்கே போகாம ஆள் இல்லைன்னு போட்டிருக்காங்க. பாரு இதை!" திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் முகவரியைப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். இப்போது நினைத்தால் அதில் கேலி எதுவும் இல்லை. தெரிந்த சங்கதியை மறுபடி பார்த்தவரின் சிரிப்பு அது.

"அக்கா, அந்த பிளாக்குக்குச் சனிக்கெழம எவனும் போவ மாட்டான். நீ இன்னாத்துக்கு சனிக்கெழமன்னு தேதி போட்ட?"

அறைந்துவிட்டேன். உள்ளங்கை குழிந்தபடி இடது காதைப் பொத்தி விழுந்தது. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். அவர் பக்கவாட்டில் சாய்ந்து இரும்பு அலமாரியில் மோதினார். மேல்தட்டிலிருந்து தலைப்பாகைப் பெட்டிகள் அவர்மேல் சரிந்தன. நான் அதோடு நிறுத்தவில்லை. பார்சல் ஒட்டும் டேப் கட்டரை எடுத்து ஓங்கினேன், அதன் பல் அவருடைய முன்கையைக் கீறியது. அவர் திருப்பி அடிக்கவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையை எனக்கும் அவருக்கும் நடுவில் நீட்டினார். சுவரோரம் நின்று நான் நீட்டிய கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

காதிலிருந்து கையை எடுத்தபோது விரலில் ரத்தம் இருந்தது.

"கொய்யின்னு கேக்குதுக்கா," என்றார். பிறகு அன்றைய பார்சல்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு பார்சலைக்கூட விடவில்லை. நான் உதவவில்லை.

அன்றைக்கு வரவேற்பு மண்டபத்தில் நடந்ததைப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில்தான் கேட்டேன். மாப்பிள்ளை தன் அண்ணனுடைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றிருக்கிறார். ஒரு கோட் வாங்க வக்கில்லாத குடும்பமா என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டிருக்கிறார். நாற்காலிகள் பறந்திருக்கின்றன. தடுக்கப் போன மாப்பிள்ளையின் அப்பா பந்தி மேஜையின் முனையில் விழுந்து, முன்பல் இரண்டும் உடைந்து, உதடு கிழிந்திருக்கிறது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன், அவனோடு இரண்டு ஆண்கள், அவனுடைய அக்கா. வந்த வேகத்தில் வாசல் பொம்மையை, ஜரிகைத் தலைப்பாகையோடு, கண்ணாடிக்குள் தள்ளினான். கண்ணாடி முழுசாக இறங்கி உடைந்தது. சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து ஓடிவந்தேன்.

"எவன்டா சனிக்கெழம வந்துடும்னு சொன்னவன்?"

"பேசிக்கலாம், பேசிக்கலாம்" என்று எழுந்த அண்ணனின் நெஞ்சில் ஒரு உதை விழுந்தது. அவர் கல்லாவோடு பின்னால் போனார். எழுந்தபோது கையில் கஜக்கோல். அத்தாவின் பழைய இரும்புக் கோல். அதை இரண்டு கையாலும் சுழற்றினார். மாப்பிள்ளையின் அண்ணன் நெற்றியில் அது பட்ட இடம் ஒரு வாய் மாதிரி திறந்தது. ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்தது. மற்ற இருவரும் என் அண்ணனின் கையைப் பிடித்து மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினார்கள். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த கரும்பை உடைப்பது போல இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அண்ணன் அலறினார். கடையிலிருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். தெருவில் கூட்டம் கூடி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் கூரியர்க்காரர் உடைந்த கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தார். காதில் பஞ்சு. மணி நாலரை. மாப்பிள்ளையின் அண்ணன் ரத்தம் வழியும் கண்ணோடு அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"டேய், நீ நம்ம மூணாவது பிளாக்குதான? உன் கம்பெனிதானடா ஆள் இல்லன்னு போட்டுது?" என்று சட்டையைப் பிடித்தான்.

"நா எடுக்கறவன்பா. குடுக்கறவன் வேற. தேதி போட்டது நா இல்ல," என்றார் அவர். கை என் பக்கம் நீண்டது. "இவங்க."

இரண்டு நாள் கழித்து அவர் திருப்பிக் கொடுத்த அடி அது ஒன்றுதான். அதில் பொய் இல்லை.

அக்காக்காரி என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். கண்ணாடித் துண்டுகள்மேல் முழங்கால் ஊன்றியது. அறைந்தாள். மறுபடி அறைந்தாள். "எங்கப்பா வாயில பல்லு இல்ல, தெரியுமாடி? கஞ்சி குடிக்கறாருடி!" அவள் அழுதுகொண்டே அடித்தாள். நான் கையைக்கூட உயர்த்தவில்லை. கூரியர்க்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போய், பார்சல்களை எடுத்து, மறுபடி எங்களைச் சுற்றிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன்.

போலீஸ் வந்தது. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு நெற்றியில் ஏழு தையல், என் அண்ணனுக்கு வலது முன்கையில் மாவுக்கட்டு. இரண்டு பக்கமும் புகார் எழுதி, மறுநாள் இரண்டு பக்கமும் வாபஸ் வாங்கியது. இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சனிக்கிழமை போகும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

புதன்கிழமை பார்சல் எடுக்க வேறு ஆள் வந்தார். பழையவருக்குத் தலை சுற்றுகிறதாம், வண்டி ஓட்ட முடியவில்லை, எல்லாப் பார்சலும் வந்து சேரும் ஹப்பில் மூட்டை பிரிக்கப் போட்டிருக்கிறார்கள் என்றார். கிண்டிப் பக்கமிருந்த அந்த ஹப்புக்கு ஆட்டோவில் போனேன். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய தகரக் கொட்டகை. அவர் தரையில் உட்கார்ந்து பார்சல்களைப் பின்கோடு வாரியாகப் பைகளில் வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டடி பின்னால் போனார். அந்த இரண்டடியை என்னால் மறக்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"எண்ணெ காய்ச்சி ஊத்துனேன். சரியாப்பூடும்."

வற்புறுத்தி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காது டாக்டர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டினார். சவ்வில் ஓட்டை, எண்ணெய் விடவே கூடாது, தண்ணீர் படக் கூடாது, ஆறேழு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும், மூடாவிட்டால் ஆபரேஷன். "எப்படி ஆச்சு?" என்றார்.

"வண்டிலேர்ந்து வுய்ந்துட்டேன் சார்."

"இல்ல டாக்டர், நான்தான் அறைஞ்சேன்," என்றேன். டாக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து சீட்டில் எழுதினார்.

மருந்துக்கு வரிசையில் காத்திருந்த பெஞ்சில்தான் அவர் விளக்கிச் சொன்னார்.

"பின்கோடு ஒண்ணுதான்க்கா. அதுல கம்பெனிக்காரங்க அபார்ட்மென்ட்டும் கீது, எங்க பிளாக்கும் கீது. அபார்ட்மென்ட்டுக்கு டெய்லி போவான். அத வெச்சி அந்தப் பின்கோடுக்குப் போவும்னு காட்டும். எங்க பிளாக்கு எட்டு மாடி, லிப்ட்டு ஓடாது. ஒருதபா ஒருத்தன் மேல ஏறிட்டு வர்றதுக்குள்ள கீழ வண்டில வெச்ச பை பூடுச்சு. அதுலேர்ந்து செவ்வா, வெள்ளி ரெண்டு நாள்தான். மத்த நாள் ஆள் இல்லன்னு போன்ல அமுக்கிட்டு வந்துடுவான். என் பொண்ணுக்கு ஸ்கூல் ஷூ வாங்குனேன், எங்க கம்பெனிலயே வந்துச்சு. வூட்டுக்கு வர்ல. நானே பிராஞ்சுல நின்னு வாங்கிக்கினு போனேன். கோட்டூர்புரத்துல ஆத்தோரம் இருந்தப்பலாம் வூட்டு வாசல்ல குடுத்துட்டுப் போவான். அதே சனம்தான்."

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

"மாசா மாசம் புது ஷீட்டு மெயில் வருமே. அதுல ஏரியா பேரு போட்டு, வாரம் ரெண்டு நாள்னு எழுதி கீதே. நீ பாக்கலயா?"

அங்கேயே போனில் தேடினேன். பதினோரு மெயில்கள். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"நாலரைக்கு நா எடுத்தாதான் ஏழு மணிக்கு ஹப்புல பை கட்டுவாங்க. பை கட்டிட்டா அப்பால வர்றது அடுத்த நாள் வண்டிக்குத்தான். ஞாத்திக்கெழம எங்க பிராஞ்சு கெடையாது. நீ ஆறு மணின்னு போட்டதே பொய்யிக்கா."

என்னை மன்னித்துவிடும்படி கேட்டேன். அவர் காதைத் தடவிக்கொண்டார்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதி வாங்கிக்கினு போவப் போறியா? உடு. மருந்து வாங்கு."

அன்றைக்கே புதுப் பட்டியலை ஏற்றினேன். ஆர்டர் நேரம் மதியம் இரண்டு மணி. அளவு மாற்றித் தைக்க வேண்டியதற்கு ஒரு நாள் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை கணக்கில் இல்லை. சந்தேகமான ஒவ்வொரு பின்கோடையும் தட்டிப் பார்த்து, அந்தந்தப் பிராஞ்சுக்குப் போன் செய்து, எந்த ஏரியாவுக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதினேன். பின்கோடு போட்டதும் ஏரியாவையும் கேட்கும்படி மாற்ற இணையதளம் அமைத்துத் தந்தவரிடம் சொன்னேன். மூன்று நாள் வேலை.

அண்ணன் மாவுக்கட்டோடு மாடியேறி வந்து பார்த்தார். சென்னைக்கே மூன்று நாள், அந்தப் பிளாக்குகளுக்கு ஆறு நாள்.

"எவன் வாங்குவான் இதை?" என்று இடது கையால் லேப்டாப்பைத் தட்டிவிட்டார். அது தரையில் விழுந்து திரையில் கோடு விழுந்தது. குனிந்து எடுக்கப் போன என் கன்னத்தில் அடி விழுந்தது. அண்ணனிடம் நான் வாங்கிய கடைசி அடி அது.

இணையதளத்தை மூடினேன். 'தற்காலிகமாக ஆர்டர் எடுப்பதில்லை' என்று போட்டுவிட்டு, அபிராமபுரத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணனுக்குப் பாஸ்வேர்டு தெரியாது. நாலாம் நாள் வந்தார். சின்னம்மா அவரை வாசலிலேயே நிற்கவைத்தார்.

"உன் இஷ்டப்படி தேதி போடு," என்றார் அண்ணன். "ஆனா அந்தப் பின்கோடை மட்டும் எடுத்துடு. போகாதுன்னு போட்டுடு. நமக்கு வேணாம் அவங்க சங்காத்தம்."

அதுதான் சுலபம். ஒரு கட்டத்தில் ஒரு எழுத்தை மாற்றினால் போதும், அந்தப் பிளாக்குகளிலிருந்து எவரும் எங்கள் கடையில் வாங்கவே முடியாது. சண்டையும் வராது.

"அங்க கல்யாணமே நடக்காதாண்ணே?" என்றேன். "போகும்னு இருக்கும். என்னைக்குப் போகும்னும் இருக்கும். அவசரம்னா பிராஞ்சுல வாங்கிக்கலாம், இத்தனை மணிக்குள்ளன்னு நானே போன் பண்ணிச் சொல்லுவேன். அப்புறம், இன்னொரு தடவை என்மேலயோ தையல்காரர் மேலயோ கை பட்டா, நான் திரும்ப வரமாட்டேன்."

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு கை நீளவில்லை. தையல்காரர்களிடம் வாய் மட்டும் இன்னும் கெட்டுப்போயிருக்கிறது.

முதல் இரண்டு மாதம் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. சிலர் போன் செய்து சண்டை போட்டார்கள். ஒரு பெண் அந்தப் பிளாக்கிலிருந்தே கூப்பிட்டாள். "ரோட்டுக்கு அந்தாண்ட மூணு நாள்னு காட்டுது, எங்களுக்கு ஏன் ஆறு நாள்? நாங்க இன்னா காசு கம்மியா தரோமா?" அவளுக்கு உண்மையைச் சொன்னேன், கூரியர்க்காரன் உங்கள் படியேறுவதில்லை என்று. "அப்ப நானே பிராஞ்சுல வந்து வாங்கிக்கறேன்" என்றாள். எனக்கு அது தோல்வியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

கூரியர்க்காரரின் காது ஓட்டை மூடிவிட்டது என்று புது ஆள் சொன்னார். இரைச்சல் மட்டும் இருக்கிறதாம். எங்கள் தெரு வேண்டாம் என்று கேட்டு வேறு பக்கம் மாற்றிக்கொண்டார். போன மாதம் அடையாறு சிக்னலில் நான் ஏறியிருந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் அவர் வண்டி நின்றது. ஹெல்மெட் போட்டிருந்தார், முதுகில் அதே பெரிய பை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டது அவருடைய இடது பக்கத்திலிருந்து, நான் அறைந்த காதின் பக்கம். அவர் திரும்பவில்லை. பச்சை விழுந்தது, போய்விட்டார்.